அறுநூறு சூட்டு நாள்

மலைமேல் தானா ராத்தாவில் மைக்கேல்ராஜின் ரொட்டிக்கடைக்கு, கணக்கெழுதும் கிராணி தங்கையா வந்தபோது, கூடவே ஒரு பேரமும் வந்தது. வெள்ளைக்காரன் விட்டுவிட்டு ஓடிய ஓட்டலில் பெரிய மின்சார அடுப்பு ஒன்று கிடக்கிறது. விலை இரண்டாயிரத்து நானூறு டாலர், ஜப்பான் நோட்டில். சயாம் ரயில் பாதைக்குப் பிடித்த ஆட்களை அடைத்திருக்கும் முகாமுக்கு, தினமும் எண்பது ரொட்டி கூடுதலாக வேண்டும்.

"முகாமுக்கு ரொட்டி சுடுறவனை சயாமுக்கு அனுப்ப மாட்டாங்களாம் லா," என்றார் தங்கையா.

மைக்கேல்ராஜ் உடனே கணக்குப் போட்டான். மரவள்ளி மாவு, கூலி போக ரொட்டிக்குப் பத்துக் காசு. எண்பதுக்கு எட்டு டாலர். கரண்டுக்கு மூன்று. எரிந்துபோகும் சூட்டுக் கம்பிகளை மாற்ற, நாளொன்றுக்கு ஒன்று. மிச்சம் நாலு. அறுநூறு நாள் சுட்டால் போட்ட பணம் வந்துவிடும். அடுப்போ ஆறு வருஷம் உழைக்கும்.

"அடுப்பு உழைக்கும். தின்ன ஆள்?" மனைவி தெரசம்மாள் கேட்டாள். "பத்து நாளைக்கு ஒரு தடவை எண்பது பேரை ஜப்பான்காரன் லோரியில ஏத்துறான். மலைத் தோட்டத்து லயத்துல மொத்தமே எண்ணூறு ஆம்பிளைங்க. நூறு நாள்ல முடிஞ்சிடும். நானூறு டாலர்தான் திரும்பும்."

அப்படியும் அவளுடைய நகைகளை விற்று அடுப்பை வாங்கினார்கள். மீதி இரண்டாயிரம் அவன் உயிருக்கு விலை என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

இரண்டாம் மாதத்தில் முகாம் கேட்டது அறுபது ரொட்டி. பிறகு முப்பது. அடுப்போ நிறைந்திருந்தாலும் காலியாக இருந்தாலும் அதே கரண்டைக் குடித்தது. ரொட்டி பாதியானபோது கட்டணம் பாதியாகவில்லை. முப்பதுக்கு வந்ததும், கம்பிச் செலவு கைக்காசு.

தெரசம்மாள் கியா பார்மில் காய்கறி போடும் கந்தனிடம் பேசி வைத்தாள். காட்டு விளிம்பில் ஒளிந்துகொள்ள ஒரு குடிசை இருந்தது. இன்றே போய்விடு என்று புருஷனிடம் கெஞ்சினாள்.

"இரண்டாயிரத்தைப் போட்டுட்டு ஓடச் சொல்றியா? பிரிஞ்சாங்ல பட்டாளம் இருக்குது. முகாம் ஆபீசர்கிட்ட கேட்டா, அங்க ஆர்டர் வாங்கித் தருவான்."

"முகாமுக்கு இனி நீ தேவையில்லன்னு நீயே போயி சொல்றியா?"

அவன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, அடுப்பை அணைக்காதே, வந்து இன்னொரு தட்டு வைக்கணும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

மத்தியானம் தங்கையா வந்தார். வாசலைத் தாண்டவில்லை. லோரியில் ஓர் ஆள் குறைந்ததாம். கூடுதல் ஆர்டர் கேட்டு வந்தவனைப் பார்த்து, ஆபீசர், இவனுக்கு இங்கே வேலை இல்லை போலிருக்கிறதே என்று சிரித்து, அவனையே ஏற்றிவிட்டானாம். இந்நேரம் லோரி தாப்பா இறக்கத்தைத் தாண்டியிருக்கும்.

தெரசம்மாள் உள்ளே போனாள். வெற்று அடுப்பு செக்கச் சிவந்து எரிந்துகொண்டிருந்தது. சுவிட்சை இறக்கினாள்.