ஒன்பதாம் நாள் வியாழக்கிழமை

2009 அக்டோபர் 6, செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, பெயிண்ட் கம்பெனியின் புதுச்சேரி டெப்போவிலிருந்து வந்த லாரி சிதம்பரம் தெற்கு வீதியில் உள்ள பெயிண்ட் கடையில் சரக்கை இறக்கியது. பில் தொகை 1,52,400 ரூபாய். பத்து நாளுக்குள் பணம் செலுத்தினால் இரண்டு சதவீதம் தள்ளுபடி, இல்லையென்றால் முப்பது நாளுக்குள் முழுத் தொகை என்று பில்லின் அடியில் அச்சிட்டிருந்தது.

அந்த வரியை சந்திரலேகா மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கடையின் கணக்கு அவள் கையில்தான். ஆனால் அதற்கும் தனக்கும் சம்பந்தம் உண்டென்று அந்த வாரத்து வெள்ளிக்கிழமை வரை அவள் நினைத்ததில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் காலையில் இளவரசு வருவான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் பெரிய கடை வைத்திருக்கும் சடையப்பன்தான் இந்தக் கிளைக்கும் முதலாளி. இளவரசு அவர் மனைவியின் தம்பி. வந்ததும் கல்லாவுக்குச் சந்தனம் வைப்பான், சூடம் காட்டுவான். பிறகு அதே சந்தனக் கையால், கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் தொட்டு, வாரம் முழுக்க விற்ற பணத்தை எண்ணி எடுத்துப் பையில் போட்டுக்கொள்வான். பெரிய கடைக் கணக்கில் கட்டத்தான் என்பது அவன் சொல். புதன்கிழமைதோறும், அந்த வாரம் டெப்போவுக்குத் தரவேண்டிய செக்குக்கான தொகையை மட்டும் கிளையின் வங்கிக் கணக்கில் திருப்பிப் போடுவான்.

அன்றைக்கு எண்ணி முடித்துவிட்டு, "இந்த வருசம் போனஸ் கெடையாது. மாமா சொல்லச் சொன்னாரு. கிளைக்கு ஒரு லட்சத்துப் பன்னெண்டாயிரம் நஷ்டம்" என்றான்.

கடையில் வேலை செய்யும் நான்கு பேருக்கும் வருடாவருடம் ஒரு மாதச் சம்பளம் போனஸ். எல்லாம் சேர்த்து பதினேழாயிரத்து ஐந்நூறு ரூபாய். தீபாவளிக்கு எட்டு நாள் இருந்தது.

கவுண்டரில் நின்ற இருவரும் தரையைப் பார்த்தார்கள். கலர் கலக்கும் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்த ஆரோக்கியம்மாள் மட்டும் நிமிர்ந்தாள். "நஷ்டமாச்சே சார், பொண்ணு ஃபீஸுக்குக் கடனாக் கேட்ட அந்தப் பத்தாயிரம்...?" என்றாள்.

"அது வேற, இது வேற. அடுத்த வெள்ளிக்கெழம தர்றேன். பொண்ணு படிக்கணுமில்ல? இந்த மாச வட்டி எங்க?"

ஆரோக்கியம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள்களைக் கொடுத்தாள். மகளின் நர்சிங் படிப்புக்காக இளவரசிடம் ஏற்கெனவே வாங்கிய இருபதாயிரத்துக்கு அஞ்சு வட்டி, அதாவது நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய். அவள் சம்பளம் மூவாயிரத்து இருநூறு. பிச்சாவரம் பக்கம் மீன் விற்கும் பெண்கள் ஐந்தாறு பேரும் வெள்ளிக்கிழமை கடை வாசலுக்கு வந்து வட்டி கொடுத்து, புதுக் கடன் வாங்கிப் போவார்கள். அவன் சொந்தப் பணம், அவன் பாடு என்று சந்திரலேகா நினைத்திருந்தாள்.

இளவரசு போனதும் ஆரோக்கியம்மாள் அவள் மேசைக்கு வந்தாள். "கணக்கு ஓங்கிட்டதான இருக்கு லேகா? ராப்பகலா விக்கிறோம், எங்க நஷ்டம்? நீதான் மொதலாளிகிட்ட கேக்கணும். எங்களுக்குக் கேக்கத் தெரியுமா?"

சனிக்கிழமை கடை மூடும் நேரத்தில் சந்திரலேகா கொள்முதல் ஃபைலைத் திறந்தாள். லாரி செவ்வாய்தோறும் வரும். ஆகவே பில்லின் பத்தாம் நாள் எப்போதும் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை லட்சுமி வெளியே போகக் கூடாது, அன்றைக்கு யாருக்கும் செக் கொடுக்கக் கூடாது என்பது முதலாளி போட்ட சட்டம். தள்ளுபடி அதனால்தான் தவறுகிறது என்று அவள் வந்த முதல் வாரமே சொல்லியிருந்தார்கள். அவளும் தலையாட்டியிருந்தாள்.

இப்போதுதான் தேதிகளை வரிசையாகப் பார்த்தாள். செவ்வாய் வந்த பில்லின் முப்பதாம் நாள் வியாழக்கிழமை. டெப்போ ஆள் சாமிக்கண்ணு அதற்கான செக்கை வாங்க வியாழன்தோறும் வருவார், டீ குடிப்பார், போவார். அதே வியாழன், முந்தின வாரத்துப் பில்லுக்கு ஒன்பதாம் நாள், தள்ளுபடிக் கெடுவுக்குள். மூன்று வருடமாக அந்த மனிதர் தள்ளுபடிக்குரிய பில்லுக்கு எதிரிலேயே உட்கார்ந்து டீ குடித்திருக்கிறார். இரண்டு பில்லும் ஒரே கிளிப்பில்தான் இருந்தன.

அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. அஞ்சல் வழியில் பி.காம். படித்தவள். கால்குலேட்டரை எடுத்தாள்.

திங்கட்கிழமை காலைப் பேருந்தில் கடலூருக்குப் போனாள். சடையப்பன் கடையின் பின்னறையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். காலடியில் துப்புவதற்கு ஒரு காலி எனாமல் டப்பா. இளவரசும் இருந்தான்.

"வாம்மா. இன்னா, போனஸா?" என்றார் அவர் சிரித்துக்கொண்டே.

"இல்ல சார். நஷ்டத்த எடுத்துக்கினு வந்திருக்கேன்."

காகிதத்தை மேசையில் வைத்து விளக்கினாள். நூறு ரூபாய் சரக்குக்குப் பத்தாம் நாள் தந்தால் தொண்ணூற்றெட்டு. முப்பதாம் நாள் நூறு. அப்படியென்றால் தொண்ணூற்றெட்டு ரூபாயை இருபது நாள் கையில் வைத்துக்கொள்ள இரண்டு ரூபாய் கொடுக்கிறோம். இருபது நாளுக்கே இரண்டு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். வருடத்தில் இருபது நாள் பதினெட்டேகால் தடவை வரும். பெருக்கினால் முப்பத்தேழே கால் சதவீதம்.

"வியாழனே கொடுத்தா இருபத்தொரு நாள் கணக்கு. அப்பவும் முப்பத்தஞ்சுக்குக் கொறையாது சார். பேங்க்ல ஓவர்டிராஃப்ட் பதிமூணு சதவீதத்துக்குத் தர்றாங்க. அத வாங்கிக் கட்டினாக்கூட, ரெண்டு ரூவா மிச்சம் புடிக்க எழுவது காசுதான் செலவு. வாரம் ஒன்ரை லட்சம் சரக்கு எடுக்கிறோம். வருசத்துக்கு ஒரு லட்சத்து அம்பத்தாறாயிரம் தள்ளுபடிய விட்டிருக்கோம். நஷ்டம் ஒரு லட்சத்துப் பன்னெண்டாயிரம். அத வாங்கியிருந்தா நாப்பத்துநாலாயிரம் லாபம். போனஸ் பதினேழாயிரத்து ஐந்நூறுதான் சார்."

சொல்லி முடித்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. முதலாளி திடுக்கிடுவார், மச்சானைத் திட்டுவார் என்று வழியெல்லாம் நினைத்து வந்திருந்தாள்.

சடையப்பன் காகிதத்தை எடுத்துத் தூரப் பிடித்துப் படித்தார். டப்பாவைத் தூக்கித் துப்பினார். உதட்டோரத்துச் சிவப்பைத் துண்டால் துடைத்தார்.

"மச்சான், பாத்தியா? நம்ம ஆடிட்டருக்கு இவ்ளோ அழகா எழுத வராது."

"முப்பத்தேழாமே மாமா" என்றான் இளவரசு. அவனும் சிரித்தான்.

"ஏம்மா, கணக்கு கரெக்ட்டு. ஒரு பக்கம்தான் எழுதியிருக்க. பத்துல கட்டாம முப்பதுல கட்டினா என் கையில எவ்ளோ நிக்கும்?"

அவள் யோசித்தாள். "எப்பவும் நாலு லட்சத்துக்கு மேல."

"நாலுன்னே வச்சிக்க. அஞ்சு வட்டிக்கு மாசம் இருவதாயிரம். வருசத்துக்கு ரெண்டு நாப்பது. நீ சொல்ற ஒன்னு அம்பத்தாறு கம்பெனிக்குப் போவுது. மிச்சம்?"

"எம்பத்துநாலாயிரம்" என்று அவள் வாய் தானாகச் சொன்னது.

"முப்பத்தேழுக்கு வாங்கி அறுவதுக்கு விடுறேன். ஓவர்டிராஃப்ட்டுன்னா பேங்க்குக்காரன் பத்திரம் கேப்பான், கணக்கு கேப்பான். கம்பெனிக்காரன் ஒன்னும் கேக்க மாட்டான். அவனுக்குப் போறது புக்குல ஏறுது, எனக்கு வர்றது ஏறல. புக்குல நஷ்டம், வரியும் இல்ல."

"போனஸும் இல்ல" என்றாள் சந்திரலேகா.

"அதுவும்தான்."

சூடத்தின் வாசனை அந்த அறையிலும் இருந்தது. ஆரோக்கியம்மாளின் முந்தானை முடிச்சு அவளுக்கு நினைவு வந்தது. அந்தக் கை விற்ற டப்பாவின் பணத்தையே அந்தக் கைக்குக் கடனாகக் கொடுத்து, மாதம் ஆயிரம் வாங்கி, அப்படிச் சுற்றவிட்டதால் வந்த நஷ்டத்தைக் காட்டி அவள் போனஸையும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"வெள்ளிக்கெழம லட்சுமி வெளிய போகக் கூடாதுன்னு சொல்வீங்களே சார். மச்சான் சார் வெள்ளிக்கெழமதான கடன் கொடுக்குறாரு?"

"அது போறதில்ல பாப்பா" என்றார் சடையப்பன் பொறுமையாக. "கூட்டிக்கினு வரப் போறது."

இளவரசு தொடையில் தட்டிச் சிரித்தான். அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினார். "இந்தா, அஞ்சாயிரம். ஒனக்கு மட்டும். வட்டி நோட்டு மச்சான் எழுதுறது கோழி கிளறின மாதிரி இருக்கு. அடுத்த மாசத்துலேர்ந்து நீ பாத்துக்க. ஆயிரம் ஜாஸ்தியா போட்டுத் தர்றேன்."

கவரின் மேல் அவர் விரலின் வெற்றிலைச் சாயம் ஒட்டியிருந்தது. சந்திரலேகா அதைத் தொடவில்லை. "பஸ்ஸுக்கு நேரமாச்சு சார்" என்று எழுந்தாள்.

"யோசிச்சிச் சொல்லு. அவசரமில்ல" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

டெப்போவுக்கான செக்குகளில் முதலாளி மாதத் தொடக்கத்திலேயே கையெழுத்துப் போட்டு அவளிடம் கொடுத்துவைப்பார். தேதியும் தொகையும் அவள் எழுத வேண்டும். அன்று மாலை கடைக்குத் திரும்பியதும், வெள்ளிக்கிழமையிலிருந்து சேர்ந்திருந்த பணத்தை எண்ணி வங்கிச் சீட்டு எழுதினாள். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் கல்லாவை வழித்துக் கிளைக் கணக்கில் கட்டினாள். தீபாவளி வியாபாரம், ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரத்தைத் தாண்டியது. புதன்கிழமை இளவரசும் வழக்கம்போல செப்டம்பர் 15 பில்லுக்கான பணத்தைப் போட்டிருந்தான்.

வியாழன், அக்டோபர் 15. சாமிக்கண்ணு டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். அவள் இரண்டு செக்குகளை நீட்டினாள். ஒன்று முப்பது நாள் பில்லுக்கு. இன்னொன்று 6ஆம் தேதி பில்லுக்கு: 1,49,352 ரூபாய்.

அவர் கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார். "இன்னாம்மா இது, அதிசயமா இருக்கு? மொதலாளிக்கு லாட்டரி அடிச்சிருச்சா?"

"சி.டி., அதான் ரெண்டு சதவீதத் தள்ளுபடி, கழிச்சிருக்கேன். ஒம்பதாம் நாளு. ரசீதுல தேதியப் போட்டுக் கொடுங்க."

அவர் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. இளவரசு சந்தனம் வைத்துச் சூடம் காட்டிவிட்டுக் கல்லாவைத் திறந்தான். அன்று காலை விற்ற இரண்டாயிரத்துச் சொச்சமும் வங்கிச் சீட்டுகளும் ரசீதும் இருந்தன. ரசீதை இரண்டு முறை படித்தான். கட்டைவிரல் நாக்கிலேயே நின்றது.

"யாரக் கேட்டுக் கொடுத்த?"

"கம்பெனிக்குத் தர வேண்டியத கம்பெனிக்குக் கொடுத்தேன் சார். மூவாயிரத்து நாப்பத்தெட்டு மிச்சம்."

"திருட்டு நாயே, மாமா ஒனக்கு அஞ்சாயிரம் கொடுத்தாரே!"

"நான் வாங்கல."

இளவரசு வெளியே போய் போனில் பேசினான். வாசலில் மீன் விற்கும் பெண்கள் மூன்று பேர் காத்திருந்தார்கள். "இன்னிக்கு இல்ல, போங்க, போங்க" என்று கையை வீசினான். ஆரோக்கியம்மாள் உள்ளேயிருந்து ஓடி வந்தாள். அவளுக்கும் அதே பதில்தான்.

அவள் சந்திரலேகாவின் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். "இன்னா பண்ண நீ?"

"அக்கா, அது நம்ம கடைப் பணம். நம்ம போனஸப் புடிச்சி நமக்கே வட்டிக்கு..."

"போனஸ் வந்துச்சா?"

சந்திரலேகா கொள்முதல் ஃபைலை மூடினாள்.

"திங்கக்கெழம ஃபீஸ் கட்டணும். ஒன் ஞாயத்த எடுத்துக்கினு போய் காலேஜ்ல கட்ட முடியுமா? போனஸக் கேளுன்னுதான் சொன்னேன். இருக்கிற வழிய அடைன்னா சொன்னேன்?"

மாலைக்குள் சந்திரலேகாவிடமிருந்து சாவிகளையும், மீதி இரண்டு கையெழுத்துச் செக்குகளையும் இளவரசு எண்ணி வாங்கிக்கொண்டான். நாளையிலிருந்து வர வேண்டாம், அக்டோபரில் வேலை செய்த பதினாறு நாள் சம்பளத்தை அப்புறம் பார்க்கலாம் என்றான்.

தீபாவளிக்குச் சிதம்பரம் கிளையில் யாருக்கும் போனஸ் இல்லை. ஆரோக்கியம்மாள் திங்கட்கிழமை காலை வேறொருவரிடம் எட்டு வட்டிக்குப் பத்தாயிரம் வாங்கி ஃபீஸ் கட்டினாள். 21ஆம் தேதி டெப்போவிலிருந்து 3,048 ரூபாய்த் தள்ளுபடியை உறுதிசெய்யும் கிரெடிட் நோட் தபாலில் வந்தது. 22ஆம் தேதி வியாழக்கிழமை சாமிக்கண்ணு வந்து, டீ குடித்து, முப்பது நாள் பில்லுக்கான ஒரு செக்கை வாங்கிக்கொண்டு போனார்.