தயானி பேரில் ஒரு நாள்

ஜீவராணியின் வலது கை மூடாது. மணிக்கட்டு நொறுங்கி, பதுளை ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துக் கட்டினார்கள். கட்டைப் பிரித்த பிறகும் விரல்கள் பாதி வழியிலேயே நின்றுவிடுகின்றன. தேயிலைக் கொழுந்து பறிக்கிறவளுக்கு விரல் மூடாவிட்டால் வேறென்ன மிச்சம்? தோட்டத்திடம் நட்டஈடு வாங்கித் தரச்சொல்லி, ஹல்துமுல்லையிலுள்ள எங்கள் தொழிற்சங்க ஆபீசுக்கு வந்திருந்தாள். கூடவே நாத்தனார் தயானியும் வந்தாள். தயானியின் அண்ணன் செத்த பிறகும் இருவரும் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒரே அறையில்தான் இருக்கிறார்கள்.

"மலையில கொழுந்து எடுக்கும்போதுதானே விழுந்தீங்க?" என்று கேட்டேன்.

"ஆமாண்ணே. தண்ணி ஓடுற கான்ல கால் வச்சு வழுக்கிருச்சு."

அப்படியானால் லேசான கேஸ் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும். வேலை நேரத்தில், வேலையால் அடிபட்டால் முதலாளி நட்டஈடு கொடுத்தே ஆகவேண்டும். தொழிலாளி கவனமில்லாமல் விழுந்திருந்தாலும் சரிதான். கை நிரந்தரமாகப் பழுதென்றால், எவ்வளவு பழுதென்று டாக்டர் சொல்வார், அதற்கேற்ற தொகை வரும். தோட்டம் மறுத்தால் நட்டஈட்டு ஆணையாளரிடம் போகலாம். வெறும் சுகவீனம் என்றால் கதை வேறு. அந்தத் தோட்டத்து வழக்கப்படி சில நாளைக்கு அரைச்சம்பளம், அதோடு கை கழுவிவிடுவார்கள்.

மார்தட்டிக்கொண்டு அவர்களையும் கூட்டிக்கொண்டு தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். பெரிய கிளாக்கர் கோபப்படவேயில்லை.

"அன்னைக்கு இவங்க வேலைக்கே வரலியே. காய்ச்சல்னு டிஸ்பென்சரித் துண்டு குடுத்திருக்காங்க. சுகவீனச் சம்பளமும் போட்டாச்சு. லயத்துல பீலிகிட்ட தண்ணி புடிக்கும்போது வழுக்கி விழுந்ததா ஆஸ்பத்திரியிலயும் சொல்லியிருக்காங்க."

திரும்பிப் பார்த்தேன். ஜீவராணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெளியே வந்ததும்தான் வாயைத் திறந்தாள். "தயானி புள்ளைய கிளினிக்குக்குத் தூக்கிட்டுப் போயிட்டா. அந்த மாசம் அவளுக்கு வேலை நாள் கொறைச்சல். எனக்குக் காய்ச்சல் விட்டிருந்துச்சு. அதான் அவ பேருல நான் போயி எடுத்தேன். விழுந்ததும் கங்காணிதான் பீலிகிட்ட விழுந்ததா சொல்லச் சொன்னாரு."

இது அந்த மலையில் எல்லாரும் செய்கிற காரியம். ஒருத்திக்கு முடியாத நாளில் வீட்டு ஆள் இன்னொருத்தி அவள் பேரில் கொழுந்து எடுப்பாள். கங்காணி கண்டும் காணாமல் இருப்பார். அதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யார் பேரில் எடுத்தாள் என்பதால் மட்டும் கேஸ் செத்துவிடாது, அவள் அங்கே வேலையில் இருந்தாள் என்று காட்ட முடிந்தால் வாதாடலாம். ஆனால் இருந்தாள் என்று சொல்ல ஆள் வேண்டுமே.

கங்காணி ரெங்கசாமியை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பிடித்தேன்.

"எனக்கும் தெரியும் தம்பி, பாவந்தான்" என்றார். "நான் வாயத் தொறந்தா என் வேலை போகும். வராத நாளுக்குச் சம்பளம் வாங்கினான்னு தயானியயும் நிப்பாட்டுவாங்க. மத்த பொம்பளைங்களக் கேட்டுப் பாருங்களேன்."

கேட்டேன். அன்றைக்கு ஜீவராணியைத் தூக்கி வந்தவர்களே அவர்கள்தான். ஒருத்தியும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒவ்வொருத்தியும் யாரோ ஒருத்தி பேரில் எடுத்தவள்தானே. அவர்களைத் திட்டவும் முடியாமல் லயத்துக்குப் போனேன்.

தயானி எனக்காகக் காத்திருந்தாள். "நான் வந்து சொல்றேண்ணே. நான் வேலைக்குப் போகல, அண்ணிதான் என் பேருல போச்சுன்னு ஆணையாளர்கிட்டயே சொல்றேன்."

நெஞ்சு நிறைந்துவிட்டது. "இது போதும்" என்றேன்.

"வேணாம்" என்றாள் ஜீவராணி. "இந்தப் பொண்ண நிப்பாட்டிட்டா நாங்க என்னத்தச் சாப்பிடுறது? இப்ப இவ சம்பளம் ஒண்ணுதான் வருது. கேஸு முடிஞ்சு காசு வர்ற வரைக்கும் புள்ளைங்க பசிக்காம இருக்குமா?"

"சங்கம் இருக்கே" என்று ஆரம்பித்தேன். சங்கம் அரிசி கொடுக்காது என்பது எனக்கே தெரியும், பாதியில் நிறுத்திக்கொண்டேன். தயானி அழுதாள். ஜீவராணி இடது கையால் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பிறகு என்னிடம், "காய்ச்சல்னே இருக்கட்டும்ணே. இன்னும் ரெண்டு வாரத்துக்காவது அந்த அரைச்சம்பளத்த நீட்டித் தருவாங்களான்னு கேட்டுப் பாருங்க" என்றாள்.

அதைக் கேட்கத்தான் மறுநாள் விடியற்காலையில் மறுபடி தோட்டத்துக்குப் போனேன். ரெங்கசாமி என்னைத் தனியாக அழைத்தார்.

"அது கிடைக்காது தம்பி. ரொம்ப நாள் வேலைக்கு வரலேன்னா ஜீவராணி பேரையே வெட்டிருவாங்க. ஒண்ணு செய்றேன். தயானி எடுக்குற கொழுந்துல வாரத்துல ரெண்டு நாள ஜீவராணி பேருல போட்டுடுறேன். பேராவது நிக்கட்டும்."

நல்ல மனசோடுதான் சொன்னார். மழை தூறிக்கொண்டிருந்தது, கான்கள் எல்லாம் வழுக்கும். தயானி கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு மலை ஏறினாள்.

"இன்னைக்கு யார் பேருல போறா?" என்று கங்காணியைக் கேட்டேன்.

"ஜீவராணி பேருலதான்" என்றார்.