கெடு முடிந்த பின் வந்த வாடகை

"திங்கக்கெழமை பூட்டிரலாமா மேடம்?"

ஃபெமினா இரண்டாவது முறை கேட்டாள். வழக்கறிஞர் கலையரசி அவள் செல்போனை மேசைமேல் வைத்து, ஒரு விரலால் பைய மேலே தள்ளிப் படித்துக்கொண்டிருந்தார். பாளையங்கோட்டை கோர்ட்டுக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்ன அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

உவரிப் பக்கம் கடற்கரைக் கிராமத்தில் ஃபெமினாவுக்கு ஒரு ஐஸ் கம்பெனி இருந்தது. அப்பா கபிரியேல் கட்டியது. அவர் போன பிறகு அதை நடத்தத் தெம்பில்லாமல், தேவசிகாமணிக்கு ஐந்து வருடக் குத்தகைக்கு விட்டாள். பத்திரத்தில் இரண்டு நிபந்தனைகள் அழுத்தமாக இருந்தன. ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் வாடகை. வருடா வருடம் அமோனியா தொட்டியையும் சேஃப்டி வால்வையும் சோதித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். தவறினால் முப்பது நாள் நோட்டீஸ். அதற்குள் சரிசெய்யாவிட்டால் குத்தகை முடிந்தது.

தேவசிகாமணி வாடகையையும் தாமதித்தார், வால்வையும் தொடவில்லை. ஜூன் மாதம் நோட்டீஸ் போனது. ஜூலையில் கெடு முடிந்தது. ஒன்றும் மாறவில்லை.

போன வாரம் ஒரு குழாய் மூட்டில் அமோனியா வாயு கசிந்தது. ஐஸ் பார் தூக்குகிற மாடக்கண்ணு கண்ணைப் பொத்திக்கொண்டு ரோட்டுக்கு ஓடிவந்து விழுந்தான். ஃபெமினாவின் வீடு ஐஸ் கம்பெனி மதிலை ஒட்டி இருந்தது. அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. மூக்கில் எப்போதும் அந்த நெடி. உண்மையா, நினைப்பா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கலையரசி நிமிர்ந்தார். "ஜூலைக்கு அப்புறம் வாடகை வந்துச்சா?"

"ஆகஸ்டு, செப்டம்பர் ரெண்டும் வந்துச்சு. லேட்டாத்தான் வந்துச்சு."

"வந்ததைத் திருப்பினியளா?"

"கணக்குல தானா வந்து விழுந்திட்டு மேடம். பத்தாந்தேதி பேங்க் லோன் பிடிப்பான்."

"தானா விழுந்தது சரி. இது யாரு எழுதினது?" செல்போனைத் திருப்பிக் காட்டினார்.

ஆகஸ்டு வாடகை கிடைச்சது, நன்றி அண்ணாச்சி. கீழே கும்பிடுகிற கைகள்.

ஃபெமினா அனுப்பியதுதான்.

"செப்டம்பர்ல கரண்டு லோடு கூட்ட மின்வாரியத்துக்கு ஒரு கடுதாசி கொடுத்திருக்கிய. இன்னும் மூணு வருசம் இவருதான் குத்தகைதாரர், எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு. உங்க கையெழுத்து."

"அவரு பேப்பரைக் கொண்டுவந்து நீட்டுனாரு. சண்டை வேண்டாம்னு போட்டேன்."

"சண்டை வேண்டாம்னு நீங்க போட்ட கையெழுத்துதான் அவருக்கு இப்போ கேடயம்." கலையரசியின் குரலில் கோபம் இல்லை. "ஜூலையிலேயே குத்தகை முடிஞ்சிட்டுன்னு சொல்லுதிய. முடிஞ்சிட்டுன்னா, அதுக்குப் பிறகு உள்ள மாசத்துக்கு வாடகைன்னு சொல்லி ஏன் வாங்குனிய? அவரு தவறினது தெரிஞ்சே வாங்கியிருக்கிய. குத்தகை தொடரட்டும்னு நீங்களே நடந்துக்கிட்டதா கோர்ட்டு எடுத்துக்கிடும். அந்த நோட்டீஸை நம்பித் திங்கக்கெழமை பூட்டினா, செவ்வாக்கெழமை அவரு தடை உத்தரவோட நிப்பாரு. பூட்டை உடைச்சுத் திறந்து விட வேண்டியது வரும். நஷ்டஈடு வேற கேப்பாரு. கெட்டது செஞ்சது நீங்கன்னு ஆயிரும்."

"அப்போ அவரு அப்படியே இருக்கலாமா? வால்வு வெடிச்சா?"

கலையரசி செல்போனை அவள் பக்கம் தள்ளி வைத்தார்.

"இல்லை. பழைய தாமதத்தை நீங்க பொறுத்துக்கிட்டிய, அவ்வளவுதான். வால்வைச் சோதிக்காதது இன்னைக்கும் நடந்துக்கிட்டுதான் இருக்கு. அதை வச்சுப் புதுசா நோட்டீஸ் விடலாம். இதுவரை வாங்கினதை வச்சு என் உரிமையை விட்டுட்டேன்னு நினைக்காதே, இனிமே ஒப்பந்தப்படி கண்டிப்பா நடக்கணும், முப்பது நாள்னு எழுதணும். வாயு விஷயம் வேற. அதைத் தொழிற்சாலை ஆய்வு அலுவலகத்துக்கு இன்னைக்கே எழுதுவோம். அதுக்குக் குத்தகையும் வேண்டாம், கெடுவும் வேண்டாம்."

"இன்னும் முப்பது நாளா?"

"முப்பது நாள். முடிஞ்ச பிறகு வழக்குப் போடுவோம், பூட்டுப் போடக் கூடாது. கெடுவுக்குப் பிறகு உள்ள மாசத்துக்கு வாடகைன்னு ஒரு ரூபா கூட வாங்காதிய. பேங்க்ல சொல்லி அவருக்குத் தெரிஞ்ச கணக்கையும் மாத்திருங்க. 'சரி', 'நன்றி'ன்னு ஒரு வார்த்தைகூட அனுப்பக் கூடாது."

அக்டோபர் நடுவில் புது நோட்டீஸும் புகாரும் போயின. ஆய்வு அலுவலர் வந்தார். தொட்டியைப் பார்த்துவிட்டு, வால்வை மாற்றும்படி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். தேவசிகாமணி வெளியே தெரிகிற ஒரு வால்வை மட்டும் மாற்றினார். சோதனையும் செய்யவில்லை, சான்றிதழும் வாங்கவில்லை. நவம்பர் நடுவில் புதுக் கெடு முடிந்தது; கலையரசி வழக்குத் தாள்களைத் தயார் செய்யத் தொடங்கினார். மழை பெய்தது. இரவில் மதிலுக்கு அந்தப் பக்கம் கம்ப்ரஸர் ஓடும்போது ஃபெமினா சுவரில் கை வைத்து அதிர்வைப் பார்ப்பாள். நின்றால் பயம், ஓடினாலும் பயம். லோன் தவணைக்கு வளையலை அடகு வைத்தாள்.

டிசம்பர் ஐந்தாம் தேதி காலை தேவசிகாமணி நேரே வந்தார். குடையை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்து, ஒரு காக்கி உறையை மேசைமேல் வைத்தார்.

"கணக்கை மாத்திட்டியாமே யம்மா. ரூபா போகமாட்டேங்குது. அதான் கையோட கொண்டுவந்தேன். டிசம்பர் வாடகை. இந்தத் தடவ அஞ்சாந்தேதியே. பாத்தியா?"

ஃபெமினா உறையைத் தொடவில்லை.

"என்ன பேச்சையே காணோம்? போன தடவையும் இப்படித்தான் வக்கீல் கடுதாசி விட்டே. ரெண்டு மாசம் கழிச்சு நன்றி அண்ணாச்சின்னே. பொம்பளப் பிள்ளை கோவம் எனக்குத் தெரியாதா?" சிரித்தார். "சோதனைக்கு ஆள் சொல்லியிருக்கேன். பொங்கலுக்கு முன்ன முடிச்சிருவோம்."

"இதை எடுத்துட்டுப் போங்க அண்ணாச்சி."

"பத்தாந்தேதி பேங்க்காரன் வருவான்லா?"

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. உறை தடிமனாக இருந்தது. எடுத்து வைத்துக்கொண்டால் இந்த ஆள் போய்விடுவார், வீடு அமைதியாகிவிடும். அவள் கை மடியிலேயே இருந்தது. தேவசிகாமணி காத்திருந்து பார்த்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். உறை மேசையிலேயே கிடந்தது.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று தெரியாது. மேசையில் கிடந்தால் வாங்கியதாகத்தானே ஆகும்? நாளைக்குச் சாட்சி சொல்ல இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?

உறையை எடுத்தாள். பிரிக்கவில்லை. மழையில் மதிலைச் சுற்றி நடந்து, கசிவுக்குப் பிறகு காலடி வைக்காத ஐஸ் கம்பெனி வாசலுக்குப் போனாள். உள்ளே ஈரமும் நெடியுமாக இருந்தது. எங்கோ ஓர் இடத்தில் சீறுகிற சத்தம். இது எப்போதும் வருகிற சத்தம்தானா என்று தெரியவில்லை. கண் எரிந்தது. திரும்பி ஓடிவிடத் தோன்றியது. மாடக்கண்ணுவும் மற்ற மூன்று பேரும் வேலையை விட்டுப் பார்த்தார்கள்.

தேவசிகாமணி கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவள் உறையை அவர் முன்னால் வைத்தாள்.

"இது வாடகை இல்லை. உங்க ரூபா. நான் வாங்கல." நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "இவங்க எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காங்க. இதையே வக்கீலம்மா இன்னைக்கு ரிஜிஸ்டர் தபால்ல எழுதுவாங்க."

கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது.

தேவசிகாமணி கிளாஸைக் கீழே வைத்தார். உறையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு இப்போது இல்லை. "ஏ ஃபெமினா," என்றார், குரல் தணிந்து. "அப்போ நெசமாத்தான் கேஸு போடப் போறியா?"

அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். பிறகு வெளியே மழைக்குள் வந்து, மூச்சை இழுத்தாள்.