ஒரு பக்க வெளிச்சம்

வரதராஜன் தன் போட்டோ ஸ்டூடியோவிலிருந்து உதவியாள் வேடியப்பனைத் துரத்தியதற்குக் காரணம் ஒரு முகம். பள்ளிப்பட்டு மிராசுதார் சின்னசாமியைப் படம் எடுக்கும்போது, ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமே விழும்படி விட்டுவிட்டான். படத்தைப் பார்த்த மிராசுதார், "மீதி மூஞ்சி எங்கடா?" என்றார். வரதராஜன் அவர் முன்னாலேயே வேடியப்பனை அறைந்தார். அதோடு விடவில்லை. "நெகடிவ் தகட்டைக் கெடுக்கிற கை" என்று அரக்கோணம் வரை ஸ்டூடியோக்காரர்களிடம் சொல்லி வைத்தார். வேடியப்பன் மலையடிவாரத்துக் குவாரியில் ஜல்லி உடைக்கப் போனான். சம்மட்டி கல்லில் விழும் ஒவ்வொரு முறையும் அவனுக்கு வரதராஜனின் மண்டைதான் தெரிந்தது.

டூரிங் டாக்கீஸில் படம் ஓட்டும் நாகேந்திரன் அவன் அக்காள் புருஷன். ஒருநாள் பேப்பரோடு குவாரிக்கே வந்தான். மெட்ராஸ் படக் கம்பெனி ஒன்றுக்கு ஸ்டில் போட்டோ எடுக்க ஆள் தேவை, மாதிரிப் படங்களுடன் எழுதவும் என்று போட்டிருந்தது.

"வரதராஜனும் எழுதிகினு இருக்கான். பெரிய ஆல்பமே அனுப்பறானாம். டென்ட்ல வந்து பீத்திக்கினான்" என்றான்.

வேடியப்பன் சம்மட்டியைக் கீழே போட்டான்.

அன்றைக்கே கடிதம் எழுதினான். நாகேந்திரன் படித்துவிட்டுச் சிரித்தான். "இன்னாடா இது, வேலைக்கு எழுதறியா, போலீசுக்கு எழுதறியா? முக்கால்வாசி வரதராஜன் திருடன், வரதராஜன் அயோக்கியன்னுதான் கீது. அவன் பேரை நீயே ஊர் ஊரா அனுப்பி வெக்கிறியா?"

"அவன் யாருன்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா பாவா?"

"அவங்களுக்கு அவன் இன்னாத்துக்குடா? அவங்க படம் எப்படிக் கீதுன்னு பாரு மொதல்ல."

டென்ட் வாசலில் அந்தக் கம்பெனிப் படத்தின் ஸ்டில்கள் ஆணியடித்துத் தொங்கின. வேடியப்பன் ஒவ்வொன்றாகக் கிட்டே போய்ப் பார்த்தான். எல்லாவற்றிலும் ஒரு பக்கமே வெளிச்சம். ஒருவரும் காமிராவைப் பார்க்கவில்லை. கை ஏதாவது வேலையில் இருந்தது. அவனுக்குக் கன்னத்தில் அறை வாங்கித் தந்த அதே வெளிச்சம்.

பழைய கடிதத்தைக் கிழித்துவிட்டு, ஸ்டூடியோவில் இருந்தபோது தனக்கென்று போட்டு வைத்திருந்த பிரதிகளில் மூன்றைப் பொறுக்கிக்கொண்டு புதிதாக எழுதினான்:

"ஐயா, தங்கள் கம்பெனியின் ஸ்டில்களை எங்கள் ஊர் டாக்கீஸில் பார்த்தேன். முகத்தில் ஒரு பக்க வெளிச்சம், காமிராவைப் பாராத கண், வேலையில் இருக்கும் கை. இணைத்துள்ள மூன்றும் அதே வழியில் நான் எடுத்தவை. மிராசுதார் படம் தங்கள் கோர்ட் காட்சியின் வெளிச்சத்தை ஒத்தது. பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர் படத்துக்கு ஜன்னல் ஒன்றே விளக்கு, தங்கள் சிறைக் காட்சி போல. மூன்றாவதில் படி செதுக்கும் கல்தச்சர், போஸ் கொடுக்காதபோது எடுத்தது. வேலை கொடுத்தால் இவ்விதமே எடுப்பேன்."

"கோயில்ல மொட்டையடிச்ச கொழந்தைங்க படம் நல்லா இருந்துதே, அதை வெக்கலியா?" என்றான் நாகேந்திரன்.

"அதெல்லாம் ஸ்டூடியோ திரைக்கு முன்னால நேரா முழிக்கிற படம் பாவா. வரதராஜன் ஆல்பத்துல ரொம்பிக் கெடக்கும். அவங்களுக்கு அது ஆவாது."

பதில் வந்தது. படங்களின் மூலத் தகடுகளோடு நேரில் வரவும்.

தகடுகள் இருந்தது வரதராஜனிடம். தரமாட்டார் என்று தெரியும். தராவிட்டால் புதிதாக எடுத்துக்கொண்டு போகலாம் என்று டென்ட் முதலாளியின் பெட்டிக் காமிராவை இரவல் வாங்கிக்கொண்டு போனான்.

வரதராஜன் வாசற்படியில் வெந்நீர்ச் சட்டியோடு குந்தியிருந்தார். யுத்தம் முடிந்தும் கண்ணாடி கிடைக்காத காலம். பழைய கண்ணாடித் தகடுகளை ஊறவைத்து, மேலே படிந்த படத்தைச் சுரண்டி, சாமி படங்களுக்குச் சட்டக் கண்ணாடியாகப் போட்டு விற்றுக்கொண்டிருந்தார். பக்கத்தில் மெட்ராஸிலிருந்து திரும்பி வந்த ஆல்பம் கட்டுப் பிரிக்காமல் கிடந்தது.

"தகடு வேணுங்க" என்றான் வேடியப்பன்.

"ஓகோ, ஒன்னைக் கூப்ட்டாங்களா?" வரதராஜன் அடுக்கிலிருந்து ஒன்றை உருவி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சின்னசாமி. "இந்தா பாரு" என்று சட்டியில் முக்கி, கத்தியை வைத்து இழுத்தார். மிராசுதாரின் முகம் தோல் உரிவதுபோல் உரிந்து வந்தது.

 வேடியப்பன் ஒரு எட்டு வைத்தால் அவர் கழுத்து கைக்கு எட்டும். ஆனால் அவன் பார்த்தது வேறு. காலை வெயில் வலப் பக்கம் மட்டும் அடித்தது. கண் கத்திமேல் இருந்தது. இரண்டு கையிலும் வேலை. காமிராவை எதிர்த்திண்டின்மேல் அசையாமல் வைத்துப் பித்தானை அழுத்தினான்.

சத்தம் கேட்டு வரதராஜன் நிமிர்ந்தார். "டேய், இன்னாடா பண்ணே?"

"ஒங்களை எடுத்துகினேங்க. நல்லா வுழுந்திருக்கும்."

கம்பெனியில், தகடுகளுக்குப் பதிலாக அவன் நீட்டிய அந்த நெகடிவைத் தூக்கிப் பார்த்த மானேஜர், "யாரய்யா இந்தக் கொலைகாரன்?" என்றார்.

"எங்க ஊரு போட்டோகாரருங்க" என்றான் வேடியப்பன்.

வேலை கிடைத்தது. முதல் வாரத்திலேயே அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு, கீழே வரதராஜனின் ஊரும் பேரும் எழுதி நாகேந்திரனுக்கு அனுப்பினான். டென்ட் வாசலில் மாட்டச் சொன்னான். மலைக்கோயில் கிருத்திகைக்கு வந்த கூட்டம் முழுக்க நின்று பார்த்தது. "தன் கையால தன் பொழப்பைச் சொரண்டறான் பாரு" என்று சிரித்தது.

பத்து நாளில் நாகேந்திரனிடமிருந்து கார்டு வந்தது: "வரதராஜன் ராத்திரியோடு ராத்திரியாக வந்து கிழித்துவிட்டான். பாவம், போதும் விட்டுவிடு."

வேடியப்பன் இருட்டறைக்குப் போய் இன்னும் நான்கு பிரதி போட்டான்.