முழுசாகக் கிடந்த கண்ணாடி

வல்லிபுரத்தின் இடது முழங்கால் மடங்க மறுத்தது. டவுனிலிருந்து நாவற்குடா பெரிய தூரமில்லை. ஆனால் இராணுவச் சோதனைச் சாவடியில் சைக்கிளோடு நெடுநேரம் வெயிலில் நிற்க வைத்துவிட்டார்கள்.

அங்கே பத்தினிப்பிள்ளையின் வீட்டு மண்டபத்தில், சண்டைக்குப் பயந்து கிரானிலிருந்து ஓடிவந்த நாலு குடும்பங்கள் இருந்தன. வாவிப் பக்கச் சுவரில் மேலே அகன்று கீழே ஒடுங்கிய வெடிப்பொன்று சரிவாக ஓடியது. சுவர் இன்னும் இறங்குகிறதா, இறங்கி நின்றுவிட்டதா? அதை அறியத்தான் கட்டிட மேற்பார்வையாளரான வல்லிபுரம், ஆவணியில் பூச்சைச் சுரண்டி, கல்லிலேயே சீமெந்து வைத்து, வெடிப்புக்குக் குறுக்கே கண்ணாடித் துண்டொன்றை ஒட்டினார். சீமெந்தில் ஈர்க்குச்சியால் திகதி கீறினார். வெடிப்பின் இருபுறமும் பித்தளை ஆணி இறுக்கினார். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். எவ்வளவு அசைந்தது என்பதை ஆணிகளின் இடைவெளி சொல்லும்.

வந்த நேரமெல்லாம் கண்ணாடி முழுசு. இடைவெளியோ கூடிக்கொண்டே போனது. அளவுகோல் தேய்ந்துவிட்டதென்று நினைத்தார். இன்று அளவு தெரிந்த இரும்புத் துண்டொன்றில் வைத்துப் பார்த்தார். அளவுகோலில் பிழையில்லை.

"கண்ணாடி முழுசாத்தானே கிடக்கு தம்பி, மூஞ்சை ஏன் தொங்கப் போட்டிரிக்கீங்க?" என்றாள் பத்தினிப்பிள்ளை.

வல்லிபுரம் கண்ணாடியைக் கிட்டப் போய்ப் பார்த்தார். சீமெந்தில் அவர் கீறிய திகதி இல்லை.

"அக்கா, இது நான் ஒட்டினதா?"

"நீங்க ஒட்டினது உடைஞ்சி போச்சி. பொங்கலும் அதுவுமா உடைஞ்ச கண்ணாடிய வீட்டுக்க வைக்கலாமா? நான்தான் மாத்தினன்."

"ஒருக்காவா?"

"தீபாவளிக்கும் ஒருக்கா. கடையில கண்ணாடி ஏது? எங்கட அவர்ர படத்துக் கண்ணாடியக் கழட்டி வெட்டினன்."

வல்லிபுரம் நிலத்தில் குந்தினார். வெடிப்பு கோடையில் திறந்து மாரியில் மூடினால், மண் காய்ந்து நனைகிற வேலை என்று விடலாம். கூடுகிற அளவு வரவரக் குறைந்தால் ஓய்கிறது எனலாம். இது மழை தொடங்கியபின் இன்னும் வேகமாகத் திறந்திருந்தது. வெளியே போய்ப் பார்த்தார். செல் குண்டு விழும்போது பதுங்க ஆடியில் வெட்டிய பங்கர்க் குழி அத்திவாரத்தை ஒட்டிக் கிடந்தது. உள்ளே ஊறிய தண்ணியில் சுவரின் கீழ் மணல் அரிபட்டு இறங்கியிருந்தது.

"மண்டபத்த இப்பவே காலி பண்ணுங்க. பங்கர மூடணும். வேற ஒண்டு அங்கால, தென்னைக்குக் கிட்ட வெட்டுங்க."

"அது வெட்டி முடியிறதுக்குள்ள செல் வந்தா எங்க ஒளியிற?"

"சுவர் விழுந்தா ஒளியத் தேவையே இல்லக்கா."

"நல்லா ஆறுதல் சொல்றீங்க," என்றாள். சிரிக்கவில்லை.

பாய்களும் பானைகளும் கோயில் மடத்துக்குப் போயின. போகும்போது ஒரு கிழவர், "ஓடிவந்த இடத்திலயும் ஓட்டம்தான்," என்று துப்பினார்.

உள் அறைச் சுவரில் மயிர் போல ஒரு கீறல் இருந்தது. பத்தினிப்பிள்ளை மடத்துக்குப் போகவில்லை; அங்கேதான் படுப்பேன் என்றாள். அதிலும் கண்ணாடி ஒட்ட வேண்டும். வல்லிபுரத்தின் பையில் துண்டு இல்லை.

அவள் படத்தில் மிஞ்சிய கண்ணாடியைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இது உடைஞ்சா மாத்தாதீங்கக்கா. உடனே வெளியேறுங்க. ஆள் அனுப்புங்க."

"ஓம். அவர்ர படத்துக்குக் கண்ணாடி?"

"கொண்டு வாறன்."

சுவரில் அவள் புருசனின் முகம் மறைப்பின்றித் தொங்கியது, ஓரத்தில் ஈரம் ஏறி. சோதனைச் சாவடியில் பாதை மறுநாளே பூட்டப்பட்டது; அவரால் திரும்பி வர முடியவில்லை. வல்லிபுரம் பத்தினிப்பிள்ளைக்கு இன்னும் கடன்: ஒரு படக் கண்ணாடி.