குணவதியின் சுருள்முடி

இந்தக் காலத்தில் எவனுக்கும் இருப்பதை இருந்தபடி விடத் தெரியவில்லை. சுப்பையா படத்தை ஜெலுத்தோங் ஸ்டூடியோ மேசையில் போட்டார். செத்துப்போன மனைவி குணவதிக்கு நாளை படையல். படத்தில் வெள்ளைச் சுவருக்கு முன் பறந்த அவள் சுருள்முடியைக் காணோம். சட்டி கவிழ்த்ததுபோல் தலை.

“நெகட்டிவ்ல சுவர் கறுப்பு, முடி வெள்ளைக் கோடு. கோட்டப் பென்சிலால கறுப்பா நிரப்பிட்டேன் அண்ணே, பிரிண்ட்ல சுவரோட சேந்துருச்சு. நீட்டா இருக்கு லா,” என்றான் ஸ்டூடியோக்காரன் கார்த்திகேசு.

“யாரைக் கேட்டுச் செஞ்ச? பாசார் சந்தைக் கூட்டத்துல அந்த முடியப் பாத்துத்தான் அவள கண்டுபிடிப்பேன்!”

“பென்சில்தானே, தொடச்சிட்டு வேற பிரிண்ட் போடுறேன். முடி அப்படியே வந்துரும். சாயங்காலம் வாங்க.”

“அழிச்ச கைதானே கொண்டுவரப் போவுது? படமில்லாமலே படைச்சுக்கிறேன்.”

மேசையிலேயே படத்தை விட்டுவிட்டு, சுப்பையா முணுமுணுத்தபடி நடந்தார்.