ரொட்டி வண்டி வராத தெரு

அக்கா எனக்குத் தர வேண்டியிருந்தது எண்பத்தாறாயிரத்து நானூறு ரூபாய். நான் சமைக்கும் சாப்பாட்டுக் கடை தள்ளாடிய பதினெட்டு மாதமும் பாதிச் சம்பளம்தான் வாங்கினேன். மீதிப் பாதி கணக்கரின் பேரேட்டில் என் பெயருக்கு நேரே நின்றது.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை, கடை முதலாளி. என்னைவிட ஆறு வயது இளையவர். அவர் என்னை அண்ணே என்பார், நான் அவரை அக்கா என்பேன். யார் மூத்தவர் என்று இதுவரை எங்களுக்குள் தகராறு வந்ததில்லை.

பிறகு நான் வைத்த கோழி சூப் பெயர் வாங்கியது. மதியம் வாசலில் வரிசை நின்றது. மளிகைப் பாக்கி, வாடகைப் பாக்கி எல்லாம் அடைத்துக் கடை மூச்சு விட்ட நேரத்தில் டயர்க் கடைக்காரர் வந்தார். ஊரின் மறுபக்கத்தில் எங்கள் பெயரில் மூன்று கடை போட அவருக்கு ஆசை. இடம், அடுப்பு, ஆள் சம்பளம் எல்லாம் அவர் செலவு. பெயருக்கு ஒரு தொகை முன்னதாகத் தருவார், பிறகு மாத விற்பனையில் நூற்றுக்கு ஆறு. ஃபிரான்சைஸ் என்றார்கள்.

கணக்கருக்கு அதுதான் பிடித்தது. நாமே கிளை திறந்தால் வங்கிக் கடன் நம் தலையில், நஷ்டமும் நம் தலையில் என்றார். லாபமும் நம்முடையதுதானே என்றார் அக்கா. ஆனால் அவர் குரலில் தெம்பில்லை.

எனக்கும் டயர்க்காரர் பக்கம்தான் மனம் போனது. முன்தொகை வந்தால் முதல் வேலையாக என் பணத்தைத் தருவதாக அக்கா சொல்லியிருந்தார். நாங்கள் இருந்தது நாலாவது மாடி. முழங்கால் வலியால் என் மனைவி தெருவில் கால் வைத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. தரைத்தளத்தில் ஒரு வீடு காலியாக இருந்தது. முன்பணம்தான் குறை.

சமையல் முறையை நோட்டில் எழுதும் வேலை எனக்கு வந்தது. எழுத்துக் கற்று மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. பன்னிரண்டு நாள் எழுதினேன். அந்த நோட்டை வைத்து டயர்க்காரரின் சமையல்காரர் அவருடைய புது அடுப்படியில் சூப் வைத்தார். ருசி பார்க்க நாங்கள் மூன்று பேரும் போனோம்.

மேஜையில் காசோலை எழுதித் தயாராக இருந்தது. சூப் உப்புக் கரித்தது, கோழி நாராகக் கரைந்திருந்தது.

நோட்டில் உள்ளபடிதான் செய்தேன் என்று சமையல்காரர் பக்கத்தைத் திருப்பி விரலை வைத்துக் காட்டினார். "ரொட்டி வண்டி வந்ததும் தீயைக் குறைக்கணும்னு போட்டிருக்கு. ரெண்டு மணி வரைக்கும் வாசலையே பார்த்துட்டு நின்னேன். எந்த வண்டியும் வரலைங்க."

கணக்கர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். எங்கள் தெருவுக்குத் தினமும் பத்து மணிக்கு ரொட்டி வண்டி வரும். அதுதான் என் கடிகாரம். அடுத்து அவருடைய கரண்டியைப் பார்த்தேன். புதுசு, ஆழம். என் கரண்டி விளிம்பு உடைந்ததால் வெட்டித் தேய்த்துச் சிறிதானது. என் மூன்று கரண்டி உப்பு அவருக்கு இரண்டே கரண்டி.

டயர்க்காரர் சிரித்தார். இது ஒரு விஷயமா, உப்பைக் குறைத்தால் போயிற்று என்று காசோலையை அக்கா பக்கம் நகர்த்தினார். அக்கா என்னைப் பார்த்தார்.

"அண்ணே, நோட்டைத் திருத்திட்டா சரியாயிடுமா?"

ஆமாம் என்றால் அந்த வாரமே தரைத்தள வீடு. மனைவி கடைசியாகப் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கியது கண்முன் வந்தது.

"இந்த ரெண்டு தப்பு இப்போ தெரிஞ்சுது. இன்னும் எத்தனை இருக்குன்னு எனக்கே தெரியாதுக்கா. நான் அந்த ஒரு அடுப்பை விட்டு வேற எங்கயும் வச்சதில்ல. முதல்ல நம்ம காசுல, நம்ம ஆளை வச்சு ஒரு கிளை போடுங்க. கெட்டா நம்மளோட போகட்டும். இவர் மூணு கடையில கெட்டா நம்ம பேரும் சேர்ந்து கெடும்."

அக்கா காசோலையைத் திருப்பித் தள்ளினார். ஒரு வருடம் பொறுங்கள் என்றார். "டயர்னா நானே மாட்டி ஓட்டிப் பார்த்துட்டுதான் விப்பேன். சூப்புக்கும் அப்படித்தானா?" என்று டயர்க்காரர் எரிச்சலாகக் கேட்டார். அப்படித்தான் என்றார் அக்கா.

வீட்டில் சொன்னேன். மனைவி சோறு போட்டுத் தட்டை என் முன் வைத்தாள். பிறகு, "உண்மையைச் சொல்லிட்டு முகத்தை எதுக்குத் தொங்கப் போட்டிருக்கீங்க? சாப்பிடுங்க" என்றாள். தரைத்தள வீட்டுக்கு வேறு யாரோ குடிவந்தார்கள்.

வங்கிக் கடனில் கிளை திறந்தது. எட்டு மாதம் நஷ்டம். கிளை இருந்த பக்கத்துத் தண்ணீரில் கோழி வேக இருபது நிமிடம் கூடுதலாக ஆனது. அதை எந்த நோட்டில் எழுதியிருக்க முடியும்? தராசு, வெப்பமானி, சுவர்க் கடிகாரம் வாங்கி எல்லாவற்றையும் மறுபடி எழுதினேன். ஒன்பதாம் மாதம் கிளை கையைக் கடிக்காமல் நின்றது. பதினாலாம் மாதம் புதிதாக வந்த ஒரு சமையல்காரியிடம் நோட்டை மட்டும் கொடுத்துவிட்டு நான் வாசலில் நின்றேன். அவள் வைத்த சூப்பை அக்கா குடித்துவிட்டு, நான் வைத்ததாக நினைத்து என்னைப் பாராட்டினார். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

டயர்க்காரர் திரும்ப வந்தார். இந்த முறை ஒரே ஒரு கடை. அது நன்றாக ஓடினால் மற்ற இரண்டு. நோட்டைப் புரட்டி, ரொட்டி வண்டி எங்கே என்று தேடினார். ஓய்வு பெற்றுவிட்டது என்றேன்.

முன்தொகை வங்கியில் ஏறிய அன்றே அக்கா எண்பத்தாறாயிரத்து நானூறையும் எண்ணி என் கையில் வைத்தார். அதை முன்பணமாகக் கொடுக்க இரண்டு தெரு தள்ளி வேறொரு தரைத்தள வீடு பார்த்து வைத்திருந்தேன். கணக்கர் பேரேட்டை என் பக்கம் திருப்பினார். என் பெயருக்கு நேரே 'தீர்ந்தது' என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.